இசட் ஸ்கோர்: இந்த மாதக் கடிதங்கள்

ஒரு கம்பெனி திவாலாகும் ஆபத்தில் இருக்கிறதா என்று, அதன் கணக்கிலிருந்து ஐந்து விகிதங்களை எடுத்து எடைபோட்டுக் கூட்டிப் பார்க்கும் எண்தான் இசட் ஸ்கோர். பலரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

கடலூர் முதுநகர் வாசகர்: நான் கடன் கொடுத்திருக்கும் கம்பெனிக்கு இசட் ஸ்கோர் 57 வருகிறது. இவ்வளவு பலமான கம்பெனியா?

இல்லை. விகிதங்களைச் சதவீதமாகப் போட்டுப் பெருக்கியிருக்கிறீர்கள். 1.2, 1.4, 3.3 என்ற எடைகளுக்கு 10 சதவீதம் என்றால் 0.10 என்றுதான் போட வேண்டும். முதல் நான்கு விகிதங்களைச் சதவீதமாகவே போட ஆசைப்பட்டால் 1968-இல் வந்த மூலக் கட்டுரையில் உள்ள 0.012, 0.014 போன்ற எடைகளை எடுங்கள். இரண்டையும் கலந்தால் 57 அல்ல, 570-கூட வரும்.

வில்லியனூர் வாசகர்: ஐந்து விகிதத்துக்கும் ஏன் வெவ்வேறு எடை? யார் முடிவு செய்தது?

தரவுதான் முடிவு செய்தது. நியூயார்க் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மேன், திவாலான 33 உற்பத்தி நிறுவனங்களையும் அதே தொழிலில், ஏறத்தாழ அதே அளவில் நல்லபடி இயங்கிய 33 நிறுவனங்களையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் பல விகிதங்களைக் கணக்கிட்டு, எந்த ஐந்தை எந்த எடையில் கூட்டினால் இரண்டு கூட்டமும் அதிகம் விலகி நிற்கும் என்று பார்த்தார். ஒரு விகிதம் தனியாகப் பார்த்தால் உதவாதது போலத் தெரியும். மற்றவற்றோடு சேரும்போது வேலை செய்யும். விற்பனையைச் சொத்தால் வகுத்த விகிதம் அப்படிப்பட்டதுதான். அந்த விகிதம் பின்னால் என்ன வம்பு செய்கிறது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கடலூர் வாசகர்: அட்டைப்பெட்டி தயாரித்து, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு 60 நாள் கடனில் கொடுக்கிறேன். அவர்கள் ஸ்கோர் 3.3, பாதுகாப்பான பகுதி. கடன் வரம்பை உயர்த்தலாமா?

உயர்த்தாதீர்கள். நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தத் தவறைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூல சூத்திரத்தின் நான்காவது விகிதம், பங்குகளின் சந்தை மதிப்பை மொத்தக் கடன் பொறுப்பால் வகுப்பது. பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிக்குச் சந்தை மதிப்பு எங்கிருந்து வரும்? ‘கம்பெனி மதிப்பு 30 கோடி’ என்று முதலாளி சொன்னதை நீங்கள் அப்படியே போட்டிருக்கிறீர்கள். பொறுப்பு 15 கோடி, விகிதம் 2, எடை 0.6. ஆக மொத்தம் 3.3-இல் 1.2 அவர் வாயிலிருந்து வந்தது. பட்டியலிடப்படாத உற்பத்திக் கம்பெனிக்கு ஆல்ட்மேனே வேறு எடைகளோடு ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார். அதில் நான்காவது விகிதத்துக்குப் புத்தகத்தில் உள்ள நிகர மதிப்பைப் போட வேண்டும்.

```
Z' = 0.717 X1 + 0.847 X2 + 3.107 X3 + 0.420 X4 + 0.998 X5
```

1.23-க்குக் கீழே ஆபத்து, 2.9-க்கு மேலே பாதுகாப்பு, நடுவில் இருப்பது தெளிவில்லாத பகுதி. உங்கள் கம்பெனியின் மொத்தச் சொத்து 20 கோடி. நடைமுறை மூலதனம் 2 கோடி, சேர்ந்த லாபம் 3 கோடி, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 1.6 கோடி, நிகர மதிப்பு 5 கோடி, விற்பனை 30 கோடி. நிகர மதிப்பைப் பொறுப்பாலும் மற்ற நான்கைச் சொத்தாலும் வகுத்தால், X1 முதல் X5 வரை விகிதங்கள் முறையே 0.10, 0.15, 0.08, 0.33, 1.5. எடைபோட்டுக் கூட்டினால் 2.08. பாதுகாப்பு போய் நடுப்பகுதி வந்துவிட்டது.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அந்த 2.08-இல் 1.5 விற்பனை விகிதம் ஒன்றிலிருந்தே வருகிறது, கிட்டத்தட்ட முக்கால் பங்கு. மீதி நான்கும் சேர்ந்து 0.6-கூட இல்லை.

இப்போது அவர்களின் கையிருப்பைப் பாருங்கள். 2 வருடமாக நகராத சரக்கு 1.5 கோடிக்கு இருப்பதாக நீங்களே, ஏதோ சாதாரண விஷயம் போல, கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த வருடமே தள்ளுபடி செய்தால் என்ன ஆகும்? சொத்து 18.5 கோடியாகிறது, நடைமுறை மூலதனம் அரை கோடி, சேர்ந்த லாபம் 1.5 கோடி, இந்த வருட லாபம் வெறும் 10 லட்சம், நிகர மதிப்பு 3.5 கோடி. லாபமே காணாமல் போய்விட்டது. ஆனால் ஸ்கோர் 2.08-இலிருந்து 1.8-க்குத்தான் இறங்குகிறது, இன்னும் நடுப்பகுதிதான்! காரணம், சொத்து குறைந்ததால் விற்பனை விகிதம் 1.5-இலிருந்து 1.62-ஆக ஏறிவிட்டது. சரக்கு வீணானதற்கு சூத்திரம் ஒரு பக்கம் மதிப்பெண் கொடுக்கிறது.

இதனால்தான் நான் விற்பனையை விட்ட நான்கு விகித சூத்திரத்தையும் பக்கத்தில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். தொழிலுக்குத் தொழில் இந்த விகிதம் தாறுமாறாக மாறுகிறது என்பதற்காக ஆல்ட்மேனே அதை நீக்கிப் பின்னர் அமைத்தது இது:

```
Z'' = 6.56 X1 + 3.26 X2 + 6.72 X3 + 1.05 X4
```

இதற்கு எல்லைகள் 1.1, 2.6. உங்கள் கம்பெனியின் புத்தகக் கணக்கில் இது 2.03, நடுப்பகுதி. தேங்கிய சரக்கைக் கழித்தால் 0.72. நேராக ஆபத்துப் பகுதி. ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே திருத்தம்: ஒரு சூத்திரம் லேசாக அசைகிறது, இன்னொன்று பாதிக்கு மேல் சரிகிறது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால், நம்ப வேண்டிய எண் எது என்று யோசிப்பதை விட்டுவிட்டு சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் தோண்டுங்கள்.

எங்கே தோண்டுவது? பாலன்ஸ் ஷீட்டோடு வரும் குறிப்புகளில். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். வர வேண்டிய பாக்கியும் கொடுக்க வேண்டிய பாக்கியும் எத்தனை வருடம் பழையவை என்ற அட்டவணை இப்போது அதில் கட்டாயம். சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டியது அதில் தனி வரிசையாக இருக்கும்; நீங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம் என்றால் உங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பாக்கி அந்த வரிசையில் நிற்கிறது என்று தெரியும். அது கூடிக்கொண்டே போனால் எந்த ஸ்கோரும் தேவையில்லை. அதைப் பார்க்கும் வரை 60 நாளை 30 ஆக்குங்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: ஒரு நிதி நிறுவனத்தின் டெபாசிட் பாதுகாப்பானதா என்று இசட் ஸ்கோர் பார்க்கலாமா?

கூடாது. கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே அவர்கள் தொழில். நடைமுறை மூலதனமும் விற்பனையும் அங்கே வேறு பொருள் கொண்டவை. வங்கிக்கும் இதே பதில்தான். மூலதனப் போதுமை, வாராக்கடன் விகிதம், ரிசர்வ் வங்கியில் டெபாசிட் திரட்டும் பதிவு இருக்கிறதா, இவற்றைப் பாருங்கள்.

நெய்வேலி வாசகர்: 95 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று படித்தேன். அப்புறம் ஏன் தயங்குகிறீர்கள்?

அந்த 95, திவாலுக்கு ஒரு வருடம் முன்னால் வந்த கணக்கை வைத்து, சூத்திரம் உருவான அதே 66 நிறுவனங்களிலேயே கிடைத்தது. இரண்டு வருடம் முன்னால் பார்த்தால் திவாலானவற்றில் 72 சதவீதத்தைத்தான் பிடித்தது. மூன்று வருடம் முன்னால் பாதிகூட இல்லை.

இன்னொன்று, அங்கே பாதிக்குப் பாதி திவாலானவை. நம் ஊரில் அப்படியா இருக்கிறது? 1000 கம்பெனியில் 20 விழும் என்று வையுங்கள். சூத்திரம் அதில் 19-ஐப் பிடிக்கும், சரி. ஆனால் மீதி 980-இல் 3 சதவீதத்தைத் தவறாகக் குறித்தாலே 30 நல்ல கம்பெனிக்கு மணி அடிக்கும். எச்சரிக்கை வந்த ஐந்தில் இரண்டுதான் உண்மையில் விழும். 3 சதவீதம் என்பதே தாராளம். நஷ்டத்தில் ஓடி, ஆனால் திவாலாகாமல் பிழைத்த 66 நிறுவனங்களை ஆல்ட்மேன் தனியே சோதித்தபோது 14-ஐ சூத்திரம் தவறாகத் திவால் பக்கம் தள்ளியது. கிட்டத்தட்ட 20 சதவீதம். அந்தக் கணக்கில் எச்சரிக்கை வந்த பதினொன்றில் ஒன்றுதான் விழும். ஸ்கோர் குறைவு என்றதும் சப்ளையை நிறுத்திவிட்டால் நல்ல வாடிக்கையாளர்கள் பத்துப் பேரை இழப்பீர்கள். குறைந்த ஸ்கோர் வந்தால் குறிப்புகளைப் படியுங்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

அரியாங்குப்பம் வாசகர்: என் கம்பெனி போனஸ் பங்கு கொடுத்ததும் ஸ்கோர் குறைந்துவிட்டது. வங்கி கேள்வி கேட்கிறது.

சேர்ந்த லாபம் பங்கு மூலதனமாகப் பெயர் மாறியது, அவ்வளவுதான். கணக்குப் போடும்போது அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், வங்கிக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நிலத்தின் மதிப்பை ஏற்றிக் காட்டி வந்த ரிசர்வை மட்டும் சேர்க்காதீர்கள், அது சம்பாதித்த லாபம் அல்ல. ஈசிஆர் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள்.

விருத்தாசலம் வாசகர்: மோசடியை ஸ்கோர் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரியில் மோசடியை ஒப்புக்கொண்டபோது 5,000 கோடிக்கு மேல் இல்லாத பணம் புத்தகத்தில் இருந்தது. இல்லாத பணத்தால் நடைமுறை மூலதனம் உயரும், இல்லாத லாபத்தால் சேர்ந்த லாபம் உயரும், அதை நம்பிப் பங்கு விலையும் உயரும். ஐந்தில் நான்கு விகிதம் பொய்யைக் குடித்துவிட்டு நல்ல எண்ணைத் தரும். கணக்கைத் திரித்திருக்கிறார்களா என்று தேட, பேராசிரியர் பெனிஷ் 1999-இல் அமைத்த வேறு ஸ்கோர் இருக்கிறது. அதுவும் சந்தேகத்தைத்தான் கிளப்பும், நிரூபிக்காது.

பண்ருட்டி வாசகர்: முந்திரி ஆலைக்கு மார்ச் 31 கணக்கில் ஸ்கோர் போட்டால் நியாயமா?

நியாயமில்லை. முந்திரி வரத்து தொடங்கும் நேரத்தில் கணக்கு முடிகிறது. ஒரு ஆலை மார்ச் கடைசியில் கடன் வாங்கிக் கொட்டை நிரப்பியிருக்கும், இன்னொன்று ஏப்ரலில் வாங்கும். முதலாவதின் சொத்தும் கடனும் ஊதித் தெரியும், இரண்டாவது ஒல்லியாகத் தெரியும், தொழில் ஒன்றேதான். போதாததற்கு மார்ச் கணக்கு பொதுவில் உங்கள் கைக்கு வர அக்டோபர் கடைசி ஆகிவிடும், அதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிடும். ஆலையிடம் நேரடியாகக் கேட்க முடிந்தால் வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டை வாங்கி, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் நான்குக்கும் இருப்பு, பாக்கி, கடன் மூன்றின் சராசரியைப் போடுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த ஆலைக்கு நான்கு விகித சூத்திரத்தைக்கூடப் போட வேண்டாம், கடன் தவணையை மட்டும் குறுக்கிக்கொள்ளுங்கள்.