திங்கள்கிழமை அப்பாவைத் தூக்குவது யார்?

"அம்மா, எனக்கு 41 வயது. ஞாயிறு மட்டும்தான் ஜிம்முக்குப் போக முடிகிறது. ஸ்குவாட், ஒரு காலை முன்னால் வைத்து இறங்கும் லஞ்ஜ் சேர்த்து 120 தடவை செய்வேன். மாஸ்டர் வாரம் ஒரு புதுப் பயிற்சியும் தருவார். முடித்ததும் கூல் டவுன், ஸ்ட்ரெச்சிங் என்று அரை மணி நேரம். அப்படியும் திங்கள், செவ்வாய் தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. பக்கவாதம் வந்த அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்புவதை அந்த இரண்டு நாளும் மனைவி பார்த்துக்கொள்கிறாள். சம்மணம் போட்டு உட்காரவும் வரவில்லை. ஸ்ட்ரெச்சிங்கை இன்னும் கூட்ட வேண்டுமா?"
— ஒரு வாசகர், திருச்சி

தம்பி, கூட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் செய்தாலும் அந்த வலி திங்கட்கிழமை வந்தே தீரும்.

"மனைவி பார்த்துக்கொள்கிறாள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஒரு பக்கம் வலுவில்லாத பெரியவரைத் தூக்கி உட்காரவைப்பது எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பை வலுவாக்க ஜிம்முக்குப் போகிறவர் நீங்கள். போன மறுநாள் அந்தப் பாரம் அவள் இடுப்பில் விழுகிறது. என் தாத்தாவைத் தூக்கித் தூக்கியே என் அம்மாவின் இடுப்பு போனது. வீட்டில் நான்கு ஆண்கள் இருந்தோம் என்று என் மாமாக்கள் பிறகு வருத்தப்பட்டு என்ன பயன்? உங்கள் அப்பா, உங்கள் கடமை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி அதைப் பறிக்கிறது என்றால் பயிற்சியைத்தான் மாற்ற வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தேங்கிய லாக்டிக் அமிலத்தை ஸ்ட்ரெச்சிங் கரைத்துவிடும் என்று ஜிம்மில் சொல்லியிருப்பார்கள். அந்த அமிலம், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். உங்கள் வலியோ மறுநாள்தான் தலைகாட்டுகிறது. ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அப்போது நுண்ணிய சேதம் ஏற்படும். அது ஆறும் வழியில்தான் அந்த வலி. படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமையாக இருப்பதும் இதனால்தான். சேதம் நடந்து முடிந்த பிறகு தசையை இழுத்தால் அது எப்படி இல்லாமல் போகும்? இது பற்றிய 12 ஆய்வுகளை 2011-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சிங்கால் குறைந்த வலி, 100 புள்ளி அளவுகோலில் ஒன்றிலிருந்து நான்கு புள்ளி வரைதான். உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கூல் டவுனும் இந்த வலியைப் பெரிதாகக் குறைக்காது. ஆனால் சட்டென்று நின்றால் காலில் ரத்தம் தங்கித் தலை சுற்றலாம். அதற்காக ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள், போதும்.

வலியைத் தடுப்பது பழக்கம்தான். தசை ஒரு வேலையை ஒருமுறை செய்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அதை அவ்வளவாகச் சேதப்படுத்தாது. வாரம் ஒரு புதுப் பயிற்சி என்றால் அந்தப் பாதுகாப்பு எப்படி நிற்கும்? மாஸ்டரிடம் சொல்லி இரண்டு மாதத்துக்கு அதை நிறுத்துங்கள். 120-ஐ ஒரே நாளில் செய்யாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஞாயிறு, செவ்வாய், வியாழன் 24 தடவை போதும். எட்டு எட்டாக மூன்று சுற்று. செவ்வாயும் வியாழனும் வீட்டிலேயே செய்யலாம், பத்து நிமிடம் ஆகாது. அப்புறம் வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டி, நாளுக்கு 40 வந்ததும் நில்லுங்கள். அதே 120 தான், வாரம் முழுக்கப் பரவியிருக்கும். மறுநாள் லேசான பிடிப்பு இருந்தால் சரி. படி இறங்கக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தால் கூட்டியது அதிகம், ஒரு சுற்றைக் குறையுங்கள். சிறுநீர் கறுத்த டிக்காஷன் நிறத்தில் போனாலோ, தொடை வீங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது சாதாரண வலி இல்லை.

சம்மணத்துக்குத்தான் ஸ்ட்ரெச்சிங் உண்மையில் உதவும். அது ஜிம்மோடு ஒட்டியிருக்க வேண்டியதும் இல்லை. ஆரம்பத்தில் தசை பெரிதாக நீள்வதில்லை. இழுப்பைத் தாங்கும் அளவுதான் கூடுகிறது. அதனால் ஞாயிறு அரை மணி நேரத்தைவிட, தினம் ஐந்து நிமிடம் மேல். உடம்பு சற்றுச் சூடாக இருக்கும்போது இடுப்பு, உள்தொடை, பின்தொடை ஒவ்வொன்றையும் 30 வினாடி பிடித்து, இரண்டு முறை. சுரீரென்று வலிக்கும் வரை இழுக்க வேண்டாம், இழுப்பு தெரிந்தால் போதும். சில வாரங்களில் மாற்றம் தெரியும். முட்டி வலித்தால் சம்மணத்தை வலுக்கட்டாயமாகப் போடாதீர்கள். கீழே ஒரு தலையணை வைத்து உட்காருங்கள்.

இந்த ஐந்து நிமிடத்தை ராத்திரி அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துச் செய்யுங்கள், அவரோடு பேசிக்கொண்டே. வரும் திங்கள் காலை அவரை நீங்கள்தான் எழுப்ப வேண்டும். மனைவியை அன்றைக்குத் தூங்கவிடுங்கள்.