வாட்டர் பியூரிஃபையருக்கான வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தின், அதாவது ஏஎம்சியின், விலையை எப்படிக் கணக்கிடுவது?

"எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே ஏஎம்சி விலைதான், ஆனாலும் லாபம் நிற்கவில்லை. எப்படி நிர்ணயிப்பது?"

பழைய ஜாப் கார்டுகளை எடுத்து, உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, வாரியாகப் பிரியுங்கள், ஏனென்றால் உப்புத் தண்ணீரில்தான் உப்பைப் பிரிக்கும் மெம்பரேன் சீக்கிரம் அடைக்கும்.

ஒரு விசிட்டுக்குப் பெட்ரோல், ஆள்கூலி, பயண நேரம் எல்லாம் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் வருடத்துக்கு 3 வழக்கமான சர்வீஸ், சராசரியாக 1.5 புகார் விசிட், ஆக 450. ஃபில்டர்கள் 300. மெம்பரேன் விலை 600, இரண்டு வருடம் வரும் என்றால் பாதி, 300. மொத்தம் 1050. நல்ல தண்ணீர் வீட்டில் புகார் 0.5, மெம்பரேன் மூன்று வருடம் என்றால் 850தான் வரும்.

இரண்டுக்கும் 950 வாங்கினால் நல்ல தண்ணீர்க்காரர் விலகுவார், நஷ்டம் தருபவர் மட்டும் தங்குவார். அதனால் இரண்டு விலை வையுங்கள், லாபத்தை அதற்கு மேல் சேருங்கள். அப்புறம், ஒரே பழுதுக்குத் திரும்பப் போன விசிட்டையும் மறக்காமல் எண்ணுங்கள். பலர் அதைக் கார்டில் எழுதுவதே இல்லை.