ஒரே நூல் வரவு, மூன்று விலை: ஸ்டோர்ஸ் லெட்ஜர் பற்றிய கேள்வி பதில்

பதில் அளிப்பவர், கோவை வட்டாரத்தில் நூற்பாலைகளுக்கும் பின்னலாடை நிறுவனங்களுக்கும் செலவுக் கணக்குப் பார்ப்பவர்.

திருப்பூர், ஸ்டோர் பொறுப்பாளர்: ஐயா, ஏப்ரல் மாதம் எங்களுக்கு 30-ஆம் நம்பர் கோம்டு நூல் மூன்று முறை வந்தது. 2-ஆம் தேதி 1,000 கிலோ 300 ரூபாய் வீதம், 5-ஆம் தேதி 250 கிலோ 340 வீதம், 15-ஆம் தேதி 600 கிலோ 320 வீதம். 8-ஆம் தேதி 650 கிலோவும் 20-ஆம் தேதி 900 கிலோவும் நிட்டிங்குக்குக் கொடுத்தோம். தொடக்க இருப்பு இல்லை. எளிய சராசரி, நகரும் சராசரி, ஸ்டாண்டர்டு விலை மூன்றிலும் கணக்கு எப்படி வரும்?

எளிய சராசரியிலிருந்து தொடங்குவோம். 8-ஆம் தேதி ஸ்டோரில் இரண்டு லாட் இருந்தன. 300-ஐயும் 340-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 320 ரூபாய் வருகிறது. 650 கிலோவுக்கு 2,08,000 ரூபாய் வழங்கலில் எழுதப்படும். வரவு மதிப்பு 3,85,000 என்பதால் மீதி 600 கிலோவுக்கு 1,77,000 ரூபாய் நிற்கும். அதை வகுத்துப் பாருங்கள்: கிலோ 295 ரூபாய். 300 ரூபாய்க்குக் குறைந்து ஒரு கிலோகூட நீங்கள் வாங்கவில்லை.

15-ஆம் தேதி மூன்றாவது லாட் 1,92,000 ரூபாய்க்கு வருகிறது. முதலில் வந்தது முதலில் போயிருக்கும் என்று கொண்டால், 20-ஆம் தேதி மூன்று லாட்டிலும் கொஞ்சம் மீதி இருக்கும். மூன்று விலைகளின் சராசரி மறுபடியும் 320. 900 கிலோவுக்கு 2,88,000 போக, கடைசி 300 கிலோவுக்கு 81,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது, அதாவது கிலோ 270. இப்போது ஸ்டோரில் இருப்பது 320 ரூபாய் லாட் மட்டுமே. அந்த 300 கிலோவையும் 320 வீதம் வழங்கினால் 96,000 எழுத வேண்டும். நூல் பூஜ்யமாகிவிடும், மதிப்புப் பத்தியிலோ 15,000 ரூபாய் மைனஸில் நிற்கும். 250 கிலோ லாட்டின் விலைக்கும் 1,000 கிலோ லாட்டின் விலைக்கும் ஒரே எடை கொடுத்ததன் விளைவு இது. பெரிய லாட் மலிவாக இருந்ததால் வழங்கல் விலை ஏறி இருப்பு தேய்ந்தது. பெரிய லாட் விலை கூடியதாக இருந்திருந்தால் இருப்பு வீங்கியிருக்கும்.

நகரும் சராசரியில் ஒவ்வொரு வரவுக்குப் பின்னும் மொத்த மதிப்பை மொத்தக் கிலோவால் வகுக்க வேண்டும். வழங்கலின்போது விலை மாறாது. 5-ஆம் தேதி 3,85,000 ரூபாயை 1,250-ஆல் வகுத்தால் 308. முதல் வழங்கல் 2,00,200 ரூபாய், மீதி 600 கிலோவுக்கு 1,84,800. மூன்றாவது லாட் சேர்ந்ததும் 1,200 கிலோவுக்கு 3,76,800 ஆகி விலை 314-க்கு நகரும். இரண்டாவது வழங்கல் 2,82,600. கடைசி 300 கிலோ 94,200 ரூபாயாக நிற்கும். அதையும் வழங்கிவிட்டால் கிலோவும் ரூபாயும் ஒன்றாகவே பூஜ்யத்தைத் தொடும்.

ஸ்டாண்டர்டு விலையை 310 என்று நிறுவனம் முன்கூட்டியே வைத்திருப்பதாகக் கொள்வோம். வரவு எந்த விலையில் வந்தாலும் லெட்ஜரில் 310-தான் ஏறும். முதல் லாட்டில் 10,000 ரூபாய் சாதகம், இரண்டாவதில் 7,500 பாதகம், மூன்றாவதில் 6,000 பாதகம். நிகரமாக 3,500 ரூபாய் பாதகம் கொள்முதல் விலை வித்தியாசக் கணக்குக்குப் போய்விடும். வழங்கல்கள் 2,01,500-ம் 2,79,000-ம். இருப்பு 300 கிலோ, 93,000 ரூபாய்.

ஆக ஒரே 1,550 கிலோ நூலுக்கு நிட்டிங்கின் தலையில் ஏறிய செலவு முறையே 4,96,000, 4,82,800, 4,80,500 ரூபாய். எந்த முறையை வைத்திருந்தாலும் மாதம் ஒரு தடவை இருப்பு மதிப்பை இருப்புக் கிலோவால் வகுத்துப் பாருங்கள். கையிலுள்ள லாட்டுகளின் விலை எல்லைக்கு வெகு தொலைவில் விடை விழுந்தால், கணக்கில் கோளாறு உண்டு.

ஈரோடு, கணக்காளர்: தாங்கள் எளிய சராசரியை அநியாயமாகக் குறை சொல்கிறீர்கள். எங்கள் மில்லில் எல்லா லாட்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். லாட் சமமாக இருந்தால் இரண்டு சராசரியும் ஒன்றுதானே?

பாதி சரி. லாட்டுகள் சமமாக இருக்கும்போது முதல் வழங்கலின் விலை இரண்டிலும் ஒன்றாகவே வரும். அடுத்த வழங்கலைப் பாருங்கள். 500 கிலோ 300 ரூபாய்க்கும் 500 கிலோ 340 ரூபாய்க்கும் வந்து, 750 கிலோவை 320 வீதம் கொடுத்துவிட்டீர்கள். மீதி 250 கிலோவுக்கு ஏட்டில் 80,000 ரூபாய் இருக்கிறது. முதல் லாட் தீர்ந்துவிட்டதால் இனிச் சராசரியில் 340 மட்டுமே நிற்கும்; 250 கிலோவை அந்த விலையில் கொடுத்தால் 85,000 ஆகும். சம அளவு லாட்டிலேயே 5,000 ரூபாய் மைனஸ். லாட்டின் அளவு ஒரு காரணம் என்றால், ஒரு லாட் தீர்ந்ததும் அதன் விலையைச் சராசரியிலிருந்து உருவிவிடுவது இன்னொரு காரணம்.

ஈரோடு, அதே கணக்காளர்: நாங்கள் லாட் தீர்ந்தாலும் மாதக் கடைசி வரை அதன் விலையை எடுப்பதில்லை. அதனால் அந்த 5,000 ரூபாய் எங்களுக்கு வராது. வருடக் கணக்கில் ஏற்றமும் இறக்கமும் ஈடாகிவிடுகின்றன.

அப்படிச் செய்தால் நான் காட்டிய உதாரணத்தில் வித்தியாசம் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மாதம் முழுவதற்கும் ஒரே விலை வைக்கும் வேறொரு முறை. முந்தைய மாத மீதிக்கு என்ன விலை வைத்துச் சராசரியில் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, கோளாறு மாத எல்லையில் மறுபடி தலைகாட்டும். ஈடாகிவிடும் என்பது விலை ஏறி இறங்கி ஆடினால்தான் நடக்கும்; நூல் விலை ஒரே போக்கில் ஏறுகிற ஆண்டில் பிழைகளும் ஒரே பக்கம் குவியலாம்.

பெருந்துறை, ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி பெறுபவர்: இருவர் விவாதத்தின் நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும். ஆண்டு இறுதிக் கணக்குக்கு எளிய சராசரியை ஏற்பார்களா?

கணக்கியல் தரநிலை ஏஎஸ் 2, ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படும் இத்தகைய சரக்குக்கு முதல்வரவு முதல்செலவு முறையையோ எடையிட்ட சராசரியையோ கேட்கிறது. எளிய சராசரிக்கு அதில் இடமில்லை. ஸ்டாண்டர்டு விலையை, உண்மை அடக்கத்துக்கு அருகில் விடை வருமானால், வசதிக்காக வைத்துக்கொள்ள இடம் தருகிறது. இதை ஈரோட்டு நண்பரும் கவனிக்க வேண்டும்.

ஈரோடு, அதே கணக்காளர்: உள்கணக்குக்கு அது போதும் என்பதுதான் என் கருத்து. அதை மாற்றிக்கொள்ளவில்லை.

மாதக் கடைசி இருப்பின் கிலோ விலையை மட்டும் ஒரு தடவை வகுத்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லடம், நிட்டிங் ஜாப் ஒர்க் செய்பவர்: அண்ணா, பார்ட்டி நூல் கொடுத்து நாங்கள் துணியாக ஓட்டித் தருகிறோம். அந்த நூலுக்கு எந்தச் சராசரி போடுவது?

எதுவும் வேண்டாம். நூல் உங்களுடையது அன்று. கிலோ, கோன், லாட் எண், கழிவு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள்.

அவிநாசி, கணக்குப் பிரிவில் வேலை செய்பவர்: ஸ்டாண்டர்டு விலை என்றால் நாங்கள் பார்ட்டிக்குக் கோட் செய்கிற விலைதானே? அதில் லாபம் சேர்ப்பதா?

இல்லை அம்மணி, இது வாங்கும் விலை பற்றியது, லாபம் கலக்காது. வரும் காலத்தில் இந்த நூலை என்ன விலைக்கு வாங்க முடியும் என்று கொள்முதல் பிரிவோடு பேசி முடிவு செய்து, அந்தக் காலம் முழுவதும் லெட்ஜரில் அசையாமல் வைக்கிற விலை அது. இதனால் கிடைப்பதை முதல் உதாரணத்திலேயே பார்க்கலாம். நகரும் சராசரியில் 8-ஆம் தேதி நிட்டிங்குக்குக் கிலோ 308, 20-ஆம் தேதி 314. எந்திரத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே நிட்டிங் மேலாளரின் செலவு கிலோவுக்கு 6 ரூபாய் ஏறிவிட்டது. ஸ்டாண்டர்டில் அவர் இரண்டு நாளும் 310-தான் பார்ப்பார். விலை ஏற்றத்துக்குக் கொள்முதல் பிரிவு பதில் சொல்லும். ஆனால் வித்தியாசக் கணக்கு மாதாமாதம் ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போனால், பெரும்பாலும் கொள்முதல்காரர் மேல் தவறில்லை. 310 பழசாகிவிட்டது என்று பொருள்.

கரூர், ஏற்றுமதி நிறுவனம்: எங்களிடமும் ஸ்டாண்டர்டுதான். தங்கள் உதாரணத்தைப் போட்டுப் பார்த்தேன்; 93,000 வரவில்லை, 96,500 வருகிறது. தங்கள் கணக்கு தவறா?

வரவை உண்மை விலையிலும் வழங்கலை 310-லும் எழுதியிருக்கிறீர்கள்: 5,77,000-இல் 4,80,500 போக 96,500. வித்தியாசத்தை வழங்கும்போது பிரிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு; ஆனால் அப்போது அதை ஒவ்வொரு வழங்கலிலும் வெளியே எடுத்தாக வேண்டும். நீங்கள் எடுக்கவில்லை, ஆகவே 3,500 ரூபாய் வித்தியாசம் முழுவதும் கடைசி 300 கிலோவில் ஒட்டிக்கொண்டு கிலோ 321.67 ஆகியிருக்கிறது. வரவின்போதே பிரிப்பதைத்தான் நான் விரும்புகிறேன். ஆண்டு இறுதியில் இருப்புக்கு உரிய பங்கை மட்டும், அதாவது 3,500-இல் 1,850-க்கு 300 என்ற விகிதத்தில் சுமார் 568 ரூபாயைத் திருப்பிச் சேர்த்தால் 93,568 வரும். நகரும் சராசரியின் 94,200-க்கு அது அருகில்தான்.

சோமனூர், கணக்காளர்: நகரும் சராசரி வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் மில், முதல் 1,000 கிலோவுக்குக் கிலோ 5 ரூபாய் கூடுதலாக டெபிட் நோட் அனுப்பிவிட்டது. 5,000 ரூபாயையும் கையிலுள்ள 300 கிலோ மேல் ஏற்றிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. 94,200-உடன் 5,000 சேர்ந்தால் கிலோ 330.67 ஆகிறது, நிட்டிங்குக்குப் போய்விட்ட நூலின் விலையை மிச்சமிருக்கும் நூல் சுமக்கிறது. முதல் லாட் 305 ரூபாய்க்கு வந்ததாக வைத்து ஆரம்பத்திலிருந்து போட்டுப் பாருங்கள். முதல் சராசரி 312, மூன்றாவது வரவுக்குப் பின் 316, கடைசி இருப்பு 94,800. ஆகவே இருப்பில் ஏற வேண்டியது 600 ரூபாய். 4,400 அந்த மாத நூல் செலவுக்குப் போக வேண்டும். பின்னால் வரும் லாரி வாடகைச் சீட்டுக்கும் இதே வழிதான்.

காங்கேயம்: விலையில் ஜிஎஸ்டி சேர்க்கலாமா?

உள்ளீட்டு வரி வரவு எடுத்தால் சேர்க்கக் கூடாது.

திருப்பூர், வேறொருவர்: மழைக்காலத்தில் நூல் ஈரம் ஏறி எடை கூடுகிறது. எந்த முறை சரியாக வரும்?

அது எடைப் பிரச்சினை; விலை முறை எதுவும் அதைத் தீர்க்காது. சரக்குச் சரிபார்ப்பு பற்றித் தனியாகக் கேளுங்கள்.

கோவை: மூன்றில் எது நல்லது என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

மேலே உள்ள எண்களைப் படிக்கவும்.

ஈரோடு, அதே கணக்காளர்: தாங்கள் சொன்னபடி மார்ச் இருப்பை வகுத்துப் பார்த்தேன். எல்லா லாட்டும் 305-லிருந்து 330-க்குள் வாங்கியவை. இருப்பு கிலோ 298 வருகிறது. மாதம் முழுவதும் ஒரே விலை வைத்தும் இப்படி எப்படி?

பிப்ரவரி மீதியை என்ன விலையில் மார்ச் சராசரிக்குள் எடுத்தீர்கள் என்பதையும், மார்ச் மாதத்தின் ஒவ்வொரு லாட்டும் எத்தனை கிலோ என்பதையும் எழுதி அனுப்புங்கள். பெரிய லாட் 305-க்கு வந்து, சின்ன லாட் 330-க்கு வந்திருக்கும் என்பது என் ஊகம்.