அஜினோமோட்டோ கெடுதலா? கேள்வி பதில்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அஜினோமோட்டோ என்பது கம்பெனியின் பெயர். உள்ளே இருப்பது மோனோசோடியம் குளூட்டமேட், சுருக்கமாக எம்.எஸ்.ஜி. கடையில் எல்லோரும் கேட்கிற பெயரிலேயே நானும் எழுதுகிறேன்.

மதுரையில் பாஸ்ட் புட் கடை வைத்திருப்பவர்: "வர்ற கஸ்டமரில் பாதிப் பேர் 'அஜினோ போடாதீங்க' என்கிறார்கள். நான் பிளேட்டுக்கு ஒரு சிட்டிகைதான் போடுகிறேன். அது தப்பா சார்?"

சிட்டிகையை நம்பாதீர்கள் அண்ணாச்சி, கைக்குக் கை மாறும். பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று சொல்லுங்கள், கணக்குப் போட்டுவிடலாம்.

அவரே: "நூறு கிராம் பாக்கெட் ரெண்டு நாள் வரும். ஒரு நாளைக்கு எண்பது பிளேட் போகும்."

சரி, நூற்றறுபது பிளேட்டுக்கு நூறு கிராம். பிளேட்டுக்கு 0.6 கிராம் சொச்சம். அதில் சோடியத்தையும் தண்ணீரையும் கழித்தால் குளூட்டமேட் அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நன்றாகப் பழுத்த தக்காளியில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் குளூட்டமேட் தானாகவே இருக்கிறது (ரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்துக் கூடும், குறையும்). அதாவது உங்கள் ஒரு பிளேட்டில் விழுவது, கால் கிலோ தக்காளியைத் தொக்காக வதக்கி ஒருவரே சாப்பிட்டால் உள்ளே போகிற அளவு.

வரம்பு என்று பார்த்தால் இரண்டு கருத்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, எண்ணாக வரம்பு வைக்கத் தேவையில்லை என்று 1987-இல் சொல்லிவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தது. எலிகளுக்கு எந்தப் பாதிப்பும் வராத அளவை எடுத்து நூறால் வகுத்துக் கிடைத்த எண் அது. அதைத் தாண்டினால் உடனே ஏதோ ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. 60 கிலோ ஆளுக்கு 1800 மில்லிகிராம் வரும், உங்கள் பிளேட் அதில் கால் பங்கு. ஆனால் 15 கிலோ குழந்தைக்கு 450-தான். முழு பிளேட்டை அதுவே சாப்பிட்டால் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். இரண்டு வரம்பில் எது சரி என்று துறைக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிள்ளைகளுக்குப் போடும் பிளேட்டில் அதை விட்டுவிடுவேன். சிட்டிகைக்குப் பதில் ஒரு சின்ன அளவுக் கரண்டியும் வாங்கி வைத்துக்கொள்வேன்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: "தக்காளியில் இருப்பது இயற்கை, அது புரதத்தோடு சேர்ந்து இருக்கும், மெதுவாகச் செரிக்கும். பாக்கெட்டில் இருப்பது தனியாக இருப்பதால்தான் கெடுதல். இரண்டையும் ஒப்பிடலாமா?"

பாதி சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். பருப்பு, கோதுமை, பால், மீன் எல்லாவற்றிலும் குளூட்டமேட் ஏராளம், அதில் பெரும்பகுதி புரதத்துக்குள் கட்டுண்டுதான் இருக்கிறது. கட்டுண்டது நாக்குக்குத் தெரியாது, ருசியும் தராது. வேகவைத்த பருப்பு அப்படியே சப்பென்று இருப்பது அதனால்தான்.

தக்காளியில் நான் சொன்ன 200 மில்லிகிராம் அந்தக் கணக்கு அல்ல, தனியாக நிற்பது. காய் பழமாகும்போது அது பல மடங்கு ஏறுகிறது. வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு பழுத்த தக்காளியை நறுக்கி, விதையைச் சுற்றி இருக்கும் வழவழப்பைத் தனியாகவும் சதையைத் தனியாகவும் நாக்கில் வையுங்கள். வழவழப்பில் குளூட்டமேட் அதிகம், ருசியும் அங்கேதான். விதை எடுத்துச் சமைக்கிறவர்கள் அதைத்தான் குப்பையில் போடுகிறார்கள். பாலாடைக்கட்டியைப் பல மாதம் பழுக்கவைத்தாலும், சோயாவைப் புளிக்கவைத்தாலும் புரதம் உடைந்து குளூட்டமேட் தனியாகிவிடும். பார்மசான் சீஸில் நூறு கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் இருக்கிறது. தாய்ப்பாலிலும் தனி குளூட்டமேட் உண்டு, பசும்பாலில் உள்ளதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு.

பாக்கெட்டில் இருப்பதும் கரைந்துவிட்டால் அதே மூலக்கூறுதான். இன்று அதைக் கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றைப் பாக்டீரியாவை வைத்துப் புளிக்கவைத்து எடுக்கிறார்கள். குடலுக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதில் பெரும்பகுதியைக் குடல் சுவரின் செல்களே எரிபொருளாக்கிக்கொள்கின்றன, ரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான். ஆனால் 'மெதுவாக' என்று நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வெறும் வயிற்றில் தெளிந்த சூப்பில் மொத்தமாகப் போனால் ரத்தத்தில் ஏறும் அளவு கூடும். சோற்றோடு போனால் அவ்வளவு ஏறாது.

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்: "1969-இல் ஜான் ஆல்னி சுண்டெலிக் குட்டிகளில் மூளைச் சேதத்தைக் காட்டினாரே. அதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமா?"

நியாயமில்லை, சொல்லத்தான் வேண்டும். ஆல்னி பார்த்தது உண்மை: மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் செல்கள் செத்தன. ஆனால் அவர் பிறந்த குட்டிகளுக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார், உடல் எடையில் ஒரு கிராமுக்கு அரை மில்லிகிராம் முதல் நான்கு மில்லிகிராம் வரை. அந்தக் குறைந்த அளவையே 60 கிலோ ஆளுக்குப் போட்டால் 30 கிராம் வருகிறது, அதுவும் குடலைத் தாண்டி ஊசி வழியாக. மதுரை அண்ணாச்சி கடையில் ஐம்பது பிளேட்.

அவரே: "அப்புறம் ஏன் குழந்தை உணவிலிருந்து எடுத்தார்கள்?"

அதே 1969-இல் அமெரிக்கக் கம்பெனிகள் தாங்களாகவே எடுத்தன. ஆல்னியின் வேலைக்கு அதில் பங்கு உண்டு. நம் நாட்டிலும் எம்.எஸ்.ஜி. சேர்த்த பாக்கெட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம் என்று போடச் சொல்கிறது சட்டம். கைக்குழந்தைக்கு ருசி கூட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பதால் அதில் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை என்று தெரிகிறது, இருக்கட்டும்.

சென்னையிலிருந்து ஒரு தங்கை: "ப்ரைட் ரைஸ் சாப்பிட்டால் எனக்குக் கண்டிப்பாகத் தலைவலி வரும். பொய்யா சொல்கிறேன்?"

பொய் என்று யார் சொன்னது? தலைவலி உண்மை. காரணம் எது என்பதுதான் கேள்வி. இந்தக் கதை 1968-இல் ராபர்ட் ஹோ மேன் க்வோக் என்ற டாக்டர் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது. சீன ஓட்டலில் சாப்பிட்டால் பின்கழுத்து மரத்துப்போகிறது, சோர்வும் படபடப்பும் வருகின்றன என்று எழுதினார். சோயா சாஸாக இருக்குமோ, சமையல் ஒயினாக இருக்குமோ, எம்.எஸ்.ஜி.யாக இருக்குமோ என்று கேட்டார், உப்பையும் சந்தேகித்தார். மற்றதெல்லாம் மறந்துபோய் எம்.எஸ்.ஜி. மட்டும் ஊர் வாயில் நின்றுவிட்டது.

2000-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 130 பேரையே எடுத்தார்கள். எதில் எம்.எஸ்.ஜி. இருக்கிறது, எது வெறும் போலி என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சாப்பாடில்லாமல் 5 கிராம் கொடுத்தபோது கணிசமான பேருக்கு ஏதோ செய்தது, போலியைக் குடித்தும் சிலருக்குச் செய்தது. திரும்பத் திரும்பச் சோதித்தபோது ஒவ்வொரு முறையும் மாறாமல் எதிர்வினை காட்டியவர்கள் இரண்டே பேர். ஆக, வெறும் வயிற்றில் பெரிய அளவு போனால் சிலருக்குச் சிறிது நேரம் தொந்தரவு வரலாம் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் இன்னொருவரைச் சமைக்கச் சொல்லுங்கள். ஆறு நாள் ப்ரைட் ரைஸ், மூன்று நாள் போட்டு, மூன்று நாள் போடாமல். எது என்றைக்கு என்று அவர் சீட்டில் எழுதி வைக்கட்டும், நீங்கள் தலைவலியை மட்டும் எழுதுங்கள், கடைசியில் ஒத்துப் பாருங்கள். சோயா சாஸ் ஆறு நாளும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கிறது. அண்ணாச்சியின் 0.6 கிராம் அஜினோமோட்டோவில் 75-தான். ஆஸ்துமா இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: "எனக்குக் குளூட்டன் சேராது. தக்காளியில் குளூட்டமேட் இருக்கிறது என்கிறீர்கள். இனி ரசமும் போச்சா?"

ரசம் எங்கும் போகவில்லை. குளூட்டன் கோதுமைப் புரதம், இது ஓர் அமினோ அமிலம். 1866-இல் ரிட்டாசன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கோதுமைக் குளூட்டனிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நீங்கள் பார்க்க வேண்டியது சோயா சாஸ், பலவற்றில் கோதுமை சேர்க்கிறார்கள்.

கல்லூரி மாணவர்: "அஜினோமோட்டோ 'சேர்க்கப்படவில்லை' என்று போட்ட பாக்கெட்டைப் பரிசோதனை லேபில் சோதித்து அது வந்தால் கம்பெனி பொய் சொல்கிறது என்றுதானே அர்த்தம்?"

லேபில் இருந்தவன் சொல்கிறேன்: அர்த்தம் இல்லை. எங்கள் கருவி மொத்தக் குளூட்டமேட்டைத்தான் காட்டும். அது வெங்காயப் பொடியிலிருந்து வந்ததா, டப்பாவிலிருந்து கொட்டியதா என்று பிரித்துச் சொல்ல முறை கிடையாது. 2015 மேகி நூடுல்ஸ் பிரச்சினையில் எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று. பால், மசாலா, கோதுமை, காய்கறி எல்லாவற்றிலும் இது இயல்பாகவே இருக்கிறது, சேர்த்ததா என்று பிரித்தறிய சோதனை இல்லை என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016 மார்ச் 31-இல் உத்தரவு போட்டது. சேர்த்தார்களா என்று தெரிய ஆலைக்குள் போய்க் கொள்முதல் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் கம்பெனிகளும் அப்பாவி இல்லை. எம்.எஸ்.ஜி.யைக் குறிக்கும் 621 என்ற எண்ணைத் தவிர்த்துவிட்டு ஈஸ்ட் சாறு, நீராற்பகுத்த காய்கறிப் புரதம் என்று போடுவார்கள். அவற்றிலும் இருப்பது அதே குளூட்டமேட்.

யாழ்ப்பாணத்திலிருந்து: "அண்ணை, சம்பலுக்கு மாசி போட்டா வாற ருசியும் இதுதானோ? மாசியிலும் அஜினோமோட்டோ இருக்குதோ?"

பக்கத்து வீட்டுச் சரக்கு. மாசியின் ருசி முக்கியமாக இனோசினேட் என்ற வேறு பொருளால் வருகிறது. கடற்பாசிக் கொதிநீரின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட்தான் என்று 1908-இல் கண்டுபிடித்தவர் தோக்கியோவின் கிகுனாயே இக்கேடா. அவர் மாணவர் கொடாமா 1913-இல் ஜப்பானியர் சீவிப் போடும் காய்ந்த சூரை மீனில் இனோசினேட்டைக் கண்டார். நம் மாசியும் சூரையை அவித்து, புகையிட்டு, காயவைத்ததுதானே.

இரண்டும் சேர்ந்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. பாக்கெட்டில் 621-ஓடு, குவானிலேட் என்ற அதன் உறவுக்கான 627, இனோசினேட்டுக்கான 631 என்று போட்டிருப்பது அதற்காகத்தான். தக்காளி போட்ட கறியில் ஒரு கரண்டி இடித்த மாசி செய்வதும் அதே வேலைதான், தனியாக டப்பா திறக்கத் தேவையில்லை. இனோசினேட் உடலில் யூரிக் அமிலமாக மாறும் என்பதால், யூரிக் அமிலத் தொந்தரவு உள்ளவர் வீட்டில் இருந்தால் மாசியில்தான் கையை அடக்க வேண்டும், அஜினோமோட்டோவில் அந்தச் சிக்கல் இல்லை.