நாய்க்கடி ஊசி போட்டிருந்தால் ரத்ததானப் படிவத்தில் என்ன போடுவது?

"டாக்டருங்க, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பண்றேன், வயசு 29, எடை 62 கிலோ. வர்ற ஞாயித்துக்கிழமை, ஆகஸ்ட் மாசக் கேம்ப்புக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணப் போனா ‘நாய்க்கடி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?’ன்னு ஒரு கேள்வி. ஜனவரி 10-ம் தேதி தெருநாய் கடிச்சு, ஊசியெல்லாம் முழுசாப் போட்டாச்சுங்க. ‘ஆம்’ போட்டா பதிவே ஏறமாட்டேங்குது. ஏழு மாசம் ஆச்சே, ‘இல்லை’ன்னு போட்டுடலாமுங்களா? எப்பவுமே ரத்தம் குடுக்க முடியாதுன்னு ஃப்ரெண்டு வேற சொல்றான்."

‘இல்லை’ என்று போடாதீர்கள். இந்த ஞாயிறு நீங்கள் ரத்தம் கொடுக்க முடியாது, ஆனால் பிப்ரவரியில் கொடுக்கலாம். நண்பர் சொன்னது தப்பு. உங்களுக்கு இருப்பது ஒரு வருஷத் தடை மட்டும்தான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பல படிவங்களில் ‘கடந்த 72 மணி நேரத்தில் எடுத்துக்கொண்டவை’ என்று ஒரே கேள்விக்குள் ஆன்டிபயாடிக், ஆஸ்பிரின், மது, தடுப்பூசி எல்லாவற்றையும் போட்டு, கடைசியில் நாய்க்கடி ஊசிக்குப் பக்கத்தில் ‘1 வருடம்’ என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். போனில் வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர் 72 மணி நேரத்தை மட்டும் படித்துவிட்டு ‘இல்லை’ என்று அழுத்திவிடுவார். உங்களுக்கு அந்தக் கேள்வி தனியாகவே வந்திருக்கிறது, அது நல்லது.

கணக்கை கடைசி ஊசியிலிருந்து வையுங்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாள், அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என்று நான்கு நாள். எதுவானாலும் கடைசி ஊசி 28-ம் நாள். ஜனவரி 10 முதல் ஊசி என்றால் பிப்ரவரி 7-ல் முடிந்திருக்கும், அடுத்த வருஷம் பிப்ரவரி 7 தாண்டியதும் நீங்கள் தகுதி. காயத்தைச் சுற்றிப் போட்ட இம்யூனோகுளோபுலின் ஊசிக்கும் அதே ஒரு வருஷம்தான். அன்றைக்குப் போட்ட டெட்டனஸ் ஊசிக்கு 14 நாள்தான் என்பதால் அது எப்போதோ முடிந்துவிட்டது.

சரி, ஊசி முழுசாகப் போட்டாச்சே, அப்புறம் ஏன் ஒரு வருஷம்? ஊசி மருந்தால் உங்கள் ரத்தம் கெட்டுவிடவில்லை. தடை கடிக்காகத்தான். ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போவது, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் நோய் தெரிந்துவிடும், ஆனால் சிலருக்கு ஒரு வருஷம் வரை இழுக்கலாம். நாம் எடுக்கும் ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா இந்த ஐந்துக்கும் சோதனை உண்டு, ரேபிஸுக்கு இல்லை. உங்களுக்கு ஊசி எல்லாம் நாள் தவறாமல் போட்டார்களா என்பதும் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதனால் உங்கள் பதிலைத் தவிர எங்களிடம் வேறு சோதனையே கிடையாது. நீங்கள் ‘இல்லை’ என்று போட்டால் அந்தச் சோதனையும் போய்விடுகிறது.

பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் முகாமில் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். படிவத்தில் எல்லாம் ‘இல்லை’. பி.பி பார்த்து முடித்து எழுந்தவர் வேட்டியை மடித்துக் கட்டியபோது கெண்டைக்காலில் நாலு பல் தடம் கருத்துக் கிடந்தது. கேட்டதும், "நாய் கடிச்சு மூணு மாசமாச்சுங்க, ஊசி ரெண்டு போட்டேன், பாவு ஓட்ட ஆளில்லாம மிச்சத்துக்குப் போகலைங்க" என்றார். அவரை ரத்தம் எடுக்கும் கட்டிலுக்கு அல்ல, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லவே இல்லை. ஒரு பை போகட்டும், யாருக்காவது ஆகுமே என்றுதான் வந்திருந்தார். அன்றைக்கு அந்த வேட்டி மடியாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, ‘ஆம்’ போட்டுப் பதிவு மறுக்கப்பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், பதிலை மாற்றித் திரும்ப ஏற்றாதீர்கள். ஏற்கனவே ‘இல்லை’ என்று அனுப்பியிருந்தால் முகாம் நடத்துபவருக்கு ஒரு போன் போட்டு, உங்கள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவேளை இந்த ஏழு மாதத்துக்குள் எங்காவது ரத்தம் கொடுத்திருந்தால், எடுத்த ரத்த வங்கியைக் கூப்பிட்டுத் தேதியையும் பேரையும் சொல்லுங்கள், பை எண் வைத்து அதைத் தேடி எடுத்துவிடுவார்கள். யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

உங்கள் நண்பர் கால்நடை வேலையில் இருந்து, கடி எதுவும் இல்லாமல் முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டவராக இருந்தால் அவர் கணக்கு வேறு. அவருக்கு 14 நாள் போதும். ஆனால் படிவத்தில் அந்த வித்தியாசத்தைச் சொல்ல இடமிருக்காது, அதனால் ‘ஆம்’ போட்டுவிட்டு முகாமில் டாக்டரிடம் நேரில் சொல்லச் சொல்லுங்கள்.

பிப்ரவரியில் வரும்போது ஊசிச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். தேதிகள் அதில்தான் இருக்கும்.