பங்க்கில் மீட்டர் விற்பனையும் டிப் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

"பெட்ரோல் பங்க்கில் மீட்டர் காட்டும் விற்பனைக்கும் டாங்க்கில் குறைந்த அளவுக்கும் தினமும் வித்தியாசம் வருகிறதே, ஏன்?"

டாங்க்குக்குள் டிப் கம்பியை விட்டு ஈர மட்டத்தைப் பார்த்து, அட்டவணையில் லிட்டராக மாற்றுவதுதான் டிப்.

காலை டிப் 8,000 லிட்டர், லோடு வரவில்லை, மீட்டர் ஓட்டம் 2,015 என்று வைத்துக்கொள்வோம். இதில் 15 லிட்டர் டெஸ்டிங்: மூன்று நாசிலிலும் ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப டாங்க்கிலேயே ஊற்றியது. அரிசியைப் படியால் அளந்து மறுபடி டிரம்மில் கொட்டுவது மாதிரி. எண்ணிக்கை ஏறும், அரிசி குறையாது. ஆக விற்பனை 2,000, இருக்க வேண்டியது 6,000. மறுநாள் டிப் 5,988 காட்டுகிறது.

அந்த 12 லிட்டரில் கொஞ்சம் ஆவியானது. டீசலைவிடப் பெட்ரோலில் இது அதிகம், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். அப்புறம், 20,000 லிட்டர் டாங்க்கில் ஒரு மில்லிமீட்டரே சுமார் 10 லிட்டர். கம்பியைப் படிப்பதிலேயே அவ்வளவு தவறலாம். அதனால் ஒரு நாள் கணக்கை வைத்துப் பதற வேண்டாம். வாரம் முழுக்கக் குறைவு ஏறிக்கொண்டே போனால்தான் கசிவையும் நாசில் அளவையும் சந்தேகிக்க வேண்டும்.

தினமும் துல்லியமாக ஒத்துப்போனால் கணக்கு சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கம்பியை விடாமலே எழுதிய டிப்.