மாடு திரும்பக் கத்தவில்லை என்றால் சினைதானா?

"வத்தளையில் ஒரு மாடும் மூன்று மறியாடும் வைத்திருக்கிறோம். மாட்டுக்குச் சினை ஊசி போட்டு ஒரு மாதமாகிறது, திரும்பக் கத்தவில்லை. சினை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆட்டுக்கு எப்படி அறிவது?"

இப்போதைக்கு அப்படி எடுக்க வேண்டாம். திரும்பக் கத்தினால் சினை பிடிக்கவில்லை என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். கத்தாமல் இருப்பதை அப்படி நம்ப முடியாது.

சினை பிடிக்காத மாடு சுமார் 21 நாளில், அதாவது 18க்கும் 24க்கும் இடையில், மறுபடி வேட்கைக்கு வரும். அது ஒரு நாள்கூட நீடிக்காது, பல மாடுகளில் இரவோடு இரவாக முடிந்துவிடும். பட்டியில் பத்து மாடு நின்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதை வைத்துப் பிடித்துவிடலாம். கொழும்புப் பக்கம் மதில் ஓரக் கொட்டிலில் தனியாகக் கட்டி நிற்கும் மாட்டின்மேல் யார் ஏறுவது? அது கத்தாமலே வந்து போயிருக்கும். கருப்பையில் சீழ் கட்டினாலும் மாடு கத்தாது, அதையும் சினை என்றே நினைத்திருப்போம்.

ஆகவே நாளைக் குறித்து வையுங்கள். உதாரணமாக ஜனவரி 5இல் ஊசி போட்டிருந்தால், ஜனவரி 23 முதல் 29 வரை விடியற்காலையில் கொட்டிலுக்குப் போய் வாலையும் சீமெந்துத் தரையையும் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிந்த கோழை வாலில் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, அன்றைக்குப் பால் குறைந்ததா, தீனியை விட்டுவிட்டு நிலைகொள்ளாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பெப்ரவரி 10 முதல் 22 வரை இன்னொரு முறை அதே கவனிப்பு. இரண்டு சுற்றும் அமைதியாகப் போனால் நம்பிக்கை வைக்கலாம். உறுதி என்பது மிருக வைத்தியர் கைவிட்டுப் பார்த்த பிறகுதான்.

அவர் தோள்வரை கையுறை போட்டு, சாணியை எடுத்துவிட்டு, மலக்குடலின் சுவரூடாகக் கருப்பையைத் தடவிப் பார்ப்பார். கருப்பைக்கு இரண்டு கிளை உண்டு. சினை என்றால் ஒரு கிளை பெருத்து, மெல்லியதாகி, உள்ளே நீர் தளும்பும். விரலிடையில் மெதுவாகப் பிடித்து விட்டால் உள்ளிருக்கும் கருச்சவ்வு முதலில் நழுவும், அப்புறம்தான் கருப்பைச் சுவர் நழுவும். சீழ் கட்டிய கருப்பையும் பெருத்துத்தான் இருக்கும், ஆனால் இந்த நழுவல் இருக்காது. கைதேர்ந்தவர் ஆறு வாரத்திலேயே சொல்லிவிடுவார். நான் 60 நாள் வரை பொறுத்துத்தான் காட்டுவேன், மேலே சொன்ன மாட்டுக்கு அது மார்ச் 6. தொடக்கத்தில் பிடித்த கரு சில நேரம் கலைந்து போவதால், 90 நாளில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. அப்போது நஞ்சுக்கொடி ஒட்டும் முடிச்சுகளே கைக்குத் தட்டுப்படும். எல்லாம் சரியென்றால் 280 நாள் கணக்குப்படி ஒக்டோபர் 12 அளவில் கன்று.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. "மாடு கத்தவில்லை, கத்த ஒரு ஊசி போடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி சினையைக் கலைத்துவிடும். இதற்கு நேர்மாறாக, சினையோடு இருக்கும் சில மாடுகளும் கத்தும். அந்த அவசரத்தில் மறுபடி சினை ஊசி போட்டு, குழாய் கருப்பைக்குள் போனால் உள்ளிருக்கும் கருவும் போய்விடலாம். எதைச் செய்வதற்கு முன்பும் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஆட்டுக்கு வருவோம். அதன் மலக்குடலில் கை போகாது, அதனால் இந்த வழி இல்லை. வயிற்றை வைத்துச் சொல்வதும் ஏமாற்றும். பலாக்குழை நிறையத் தின்ற ஆட்டின் இடப்பக்கம் எப்போதும் புடைத்துத்தான் இருக்கும், அது தீனிப்பை. குட்டி வளர்வது பெரும்பாலும் வலப்பக்கம், அதுவும் கடைசி ஒன்றரை மாதத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். மடி இறங்குவதையும் முழுதாக நம்பாதீர்கள், கிடாயைக் காணாத சில மறிகளுக்கும் மடி வைக்கும்.

ஸ்கேன்தான் ஆட்டுக்குச் சரியான வழி. இதில் கொழும்பில் இருப்பது நமக்கு வசதி. நாய் பூனை பார்க்கும் சிகிச்சை நிலையங்கள் பலவற்றில் அந்தக் கருவி இருக்கிறது. ஆடு பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டு ஓட்டோவில் ஏற்றிப் போகலாம். கிடாய்க்கு விட்டு 45 நாளுக்கும் 90 நாளுக்கும் இடையில் போனால் குட்டி எத்தனை என்றும் எண்ணலாம். மடிக்கு முன்னால், வலப்பக்கம் மயிரில்லாத இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஸ்கேன் அவசியம் என்று சொல்ல இன்னொரு காரணம் பொய்ச்சினை. ஆடுகளில் இது அடிக்கடி வரும். ஆடு கத்தாது, வயிறு வளரும், 150 நாள் எண்ணிக் காத்திருந்தால் வெறும் தண்ணீர் உடைந்து ஊற்றும், குட்டி இருக்காது. ஸ்கேனில் அது கறுப்பாக நீர் மட்டும் தெரியும், குட்டியோ வளையம் வளையமான முடிச்சுகளோ இருக்காது. இதற்கு வைத்தியர் கொடுப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். உண்மையான சினையாட்டுக்குப் போட்டால் எந்த மாதத்திலும் குட்டி விழுந்துவிடும் என்பதால், ஸ்கேன் பார்க்காமல் அந்த ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.